பேஸ்புக் விளம்பரத்துக்கு மாதாமாதம் காசு கட்டுகிறீர்கள், பேச ஆள் கிடைக்குமா?

முல்லைத்தீவில் கருவாடு விற்கும் அக்கா ஒருவர் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். "தம்பி, எட்டு மாசமா ஒரு நாளைக்கு 1500 ரூபா படி விளம்பரத்துக்குக் குடுக்கிறன். ஒரு பிரச்சினை எண்டால் கதைக்க ஒரு ஆளும் இல்லையோ?"

எட்டு மாதம் என்றால் கிட்டத்தட்ட 3,60,000 ரூபா. அவருடைய பேஸ்புக்கைத் திறந்து பார்த்தேன். அவர் பெயரிலிருந்த விளம்பரக் கணக்கில் செலவு பூச்சியம். காசெல்லாம் கிளிநொச்சியில் பூஸ்ட் போட்டுக் கொடுக்கும் தம்பியின் கணக்கு வழியாகப் போயிருந்தது. அந்தத் தம்பி ஏமாற்றவில்லை, விளம்பரங்கள் ஒழுங்காகத்தான் ஓடின. ஆனால் பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்துக்குத் தெரிந்த வாடிக்கையாளர் அவர்தான், அக்கா அல்ல. ஆள் ஒதுக்கினாலும் அழைப்பு அவருக்குத்தான் போகும்.

ஆகவே முதலில் செலவு யார் பெயரில் பதிவாகிறது என்று பாருங்கள். கணனியில் business.facebook.com திறந்து Settings போய், Ad accounts என்ற இடத்தில் உங்கள் கணக்கின் இலக்கத்தையும் அது யாருக்குச் சொந்தம் என்பதையும் பாருங்கள். அங்கே உங்கள் வியாபாரத்தின் பெயர் இல்லையென்றால், உங்கள் பெயரிலேயே ஒரு விளம்பரக் கணக்குத் திறந்து சொந்த வங்கி அட்டையைச் சேருங்கள். பூஸ்ட் தம்பியைக் கைவிடத் தேவையில்லை. Partners பகுதியில் அவருக்கு அந்தக் கணக்கை இயக்கும் அனுமதி கொடுத்தால் வேலை அவர் செய்வார், செலவு உங்கள் பெயரில் ஏறும். பழைய செலவை மட்டும் கொண்டுவர முடியாது. அவருடைய கணக்கில் பல கடைகளின் விளம்பரம் கலந்து கிடக்கிறது.

அடுத்தது அதே Settings இல் உள்ள Business portfolio info. அதிலுள்ள மின்னஞ்சலும் தொலைபேசி இலக்கமும் இப்போது நீங்கள் பார்க்கும், தூக்கும் இலக்கமாக இருக்கட்டும். அக்காவினுடையதில் வெளிநாட்டுக்குப் போய்விட்ட மகனின் பழைய மின்னஞ்சல் இருந்தது.

இனி ஆளைத் தேடுவோம். இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள், இவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒருவர் சட் என்ற எழுத்து உரையாடலில் பதில் சொல்பவர். facebook.com/business/help போய், விளம்பரக் கணக்கில் அனுமதியுள்ள ஆளாக உள்நுழைந்து, கீழே போனால் சிலருக்கு Contact support அல்லது Get support என்று வரும். அதில் கணக்கைத் தேர்ந்து, பிரச்சினையின் வகையைச் சொன்னால் சட் திறக்கும். பொத்தான் எல்லோருக்கும் வராது. இத்தனை ரூபா செலவழித்தால் வரும் என்று ஒரு தொகையும் வெளியே சொல்லப்படவில்லை. அக்காவுக்கு சொந்தக் கணக்கில் மூன்று மாதம் விடாமல் ஓடிய பிறகு வந்தது. உங்களுக்கு முந்தலாம், பிந்தலாம். விளம்பரத் தடுப்பான் போட்டிருந்தால் அதை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள்.

சட் திறந்ததும் ஒரே ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கள். கணக்கு இலக்கம், எந்த விளம்பரம், எந்தத் தேதியிலிருந்து, திரையின் படம். ஆங்கிலத்தில் எழுதினால் இழுபடாது, சின்னச் சின்ன வசனம் போதும். தருகிற வழக்கு இலக்கத்தைக் குறித்து வையுங்கள். அது இல்லாமல் மறுநாள் போனால் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும்.

மற்றவர் உங்கள் கணக்கைப் பார்த்து ஆலோசனை சொல்ல நியமிக்கப்படும் ஆள், மார்க்கெட்டிங் புரோ என்பார்கள். இவரை விண்ணப்பித்து வாங்க முடியாது. கணக்கைப் பார்த்து அவர்களே மின்னஞ்சலிலோ தொலைபேசியிலோ கூப்பிடுவார்கள். சட்டில் இருப்பவரிடம் "என் கணக்குக்கு ஆள் ஒதுக்கியிருக்கிறதா" என்று கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

இங்கேதான் கள்ளரும் நுழைகிறார்கள். "உங்கள் பக்கம் மூடப்படும், மெட்டா உதவிக்குழு" என்று மெசேஞ்சரில் வருவதைத் தொடாதீர்கள். தேடலில் வரும் தொலைபேசி இலக்கத்தையும் நம்பாதீர்கள். கடவுச்சொல்லோ, தொலைபேசிக்கு வரும் குறியீடோ கேட்டால் ஆள் கள்ளன், அவ்வளவுதான். மின்னஞ்சல் உண்மையா என்று பார்க்க Accounts Center இல் Password and security போய் Recent emails ஐத் திறந்தால், பேஸ்புக் பாதுகாப்பு சம்பந்தமாக அண்மையில் அனுப்பியவை தெரியும்.

அக்காவுக்கு சொந்தக் கணக்குத் திறந்த ஐந்தாம் மாதம் மார்க்கெட்டிங் புரோவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கூப்பிட்டவர் விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது, படத்தை எப்படி மாற்றுவது என்று அரை மணித்தியாலம் கதைத்தார். அதற்கு முந்தின கிழமை நிராகரிக்கப்பட்ட ஒரு விளம்பரத்தைப் பற்றிக் கேட்டபோது, தான் முடிவை மாற்ற முடியாது, முறையீடு போட வேண்டும் என்றார். இந்த எல்லையை முதலே தெரிந்திருந்தால் ஏமாற்றம் குறையும்.

பிறகு மாரி தொடங்கியது. மழைக்குக் கருவாடு காயாது, அக்கா இரண்டு மாதம் விளம்பரத்தை நிறுத்தினார். அந்த ஆளிடமிருந்து அழைப்பும் நின்றது. தையோடு மீண்டும் தொடங்கியபோது சட் பொத்தான் இருந்தது, கூப்பிட ஆள் இல்லை. இப்போது மாரியிலும் நாளுக்கு 300 ரூபா படி, காய்ந்து இருப்பில் உள்ள நெத்தலிக்கு ஓடவிடப் போகிறாராம். பலன் என்ன என்று தை மாதம் பார்ப்போம்.