கல்லில் பூரணம் பிதுங்காத மெல்லிய பருப்புப் போளி

போளி கிழிந்தால் தேய்த்த கையைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் கையில் பிழை இருப்பதில்லை. வெளியே உள்ள மாவும் உள்ளே உள்ள பூரணமும் ஒரே மென்மையில் இல்லை என்பதுதான் பிழை. பூரணம் இறுகிக் கிடந்தால் மா மட்டும் விரிந்து போகும், பூரணம் நடுவில் கட்டியாக நின்று தோலைக் குத்திக் கிழிக்கும். பூரணம் தளர்ந்திருந்தால் அது ஓரத்துக்கு ஓடிப் பிதுங்கும். இரண்டும் சேர்ந்து விரிய வேண்டும், அது நடந்தால் தேய்ப்பது தானாகவே சுலபமாகிவிடும். அதனால் இந்தக் குறிப்பில் பாதிக்கு மேல் தேய்ப்பதற்கு முந்தின வேலைதான், பொறுமையாக வாசியுங்கள்.

12 போளிக்கு இவ்வளவு போதும்: கோதுமை மா 200 கிராம் (எங்கள் கடைகளில் கிடைக்கும் வெள்ளை மா, இந்தியாவில் இருப்பவர்கள் மைதா எடுங்கள்), கடலைப்பருப்பு 200 கிராம், சர்க்கரை 170 கிராம் (சீனி அல்ல, வெல்லம்), நல்லெண்ணெய் 3 மேசைக்கரண்டி, ஏலக்காய் 5, உப்பு இரண்டு சிட்டிகை, மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை. சுடுவதற்கு நெய். வீட்டில் கறிக்கு வைக்கும் மைசூர்ப் பருப்பைப் போடாதீர்கள், அது குழைந்து களியாகிவிடும், பூரணத்துக்கு உடம்பு வராது. தேங்காய்ப்பூ சேர்த்தால் வாசமாகத்தான் இருக்கும், ஆனால் அதன் திருவல் தோலைக் கீறும். மெல்லிசாகத் தேய்க்கப் பழகும்வரை அதை விட்டுவிடுங்கள்.

முதலில் மா

பருப்பை அடுப்பில் வைக்குமுன் மாவைக் குழைத்துவிடுங்கள், ஏனென்றால் அதற்கு 2 மணித்தியாலம் ஓய்வு வேண்டும். மாவில் ஒரு சிட்டிகை உப்பும் மஞ்சளும் கலந்து, ஏறத்தாழ 130 மில்லிலீற்றர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழையுங்கள். றொட்டிக்குக் குழைப்பதைவிட நன்றாகத் தளர்வாக இருக்க வேண்டும். கையில் ஒட்டும், பாத்திரத்தில் ஒட்டும், அதற்குப் பயந்து மேலும் மா தூவக் கூடாது. 10 நிமிடம் விடாமல் இழுத்து மடித்துக் குழைத்தால் ஒட்டுவது குறையும். அப்புறம் எண்ணெயை ஒவ்வொரு கரண்டியாக விட்டு, ஒரு கரண்டி முழுவதும் உள்ளே போன பிறகுதான் அடுத்ததை விடுங்கள்.

குழைக்கும்போது மாவுக்கு இழுவை வருகிறது. அந்த இழுவைதான் தோலைக் கிழியாமல் வைத்திருக்கும், ஆனால் குழைத்த உடனே அது முறுக்கி நிற்பதால் விரித்தால் சுருங்கித் திரும்பிவிடும். ஓய்வில் அந்த முறுக்கு தளர்ந்துவிடும். மேலே எண்ணெய் தடவி, மூடி வையுங்கள். வன்னியில் சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் மூடாத மா கொஞ்ச நேரத்திலேயே தோல் கட்டிவிடும், அந்தக் காய்ந்த தோல் பிறகு எவ்வளவு பிசைந்தாலும் சிறு சிறு திப்பியாக நின்று கிழிசலுக்கு இடம் கொடுக்கும். மூடியோடு ஈரத் துணியும் போடுங்கள்.

பதம் பார்க்க ஒரு சின்னத் துண்டைக் கிள்ளி, இரண்டு கை விரல்களாலும் மெதுவாக விரியுங்கள். மறுபக்கம் விரலின் நிழல் தெரியும் அளவுக்கு மெல்லிசாகியும் அறுந்து போகவில்லை என்றால் மா தயார். அறுந்தால் இன்னும் அரை மணித்தியாலம் விடுங்கள்.

பருப்பும் பூரணமும்

கடலைப்பருப்பை 1 மணித்தியாலம் ஊற வைத்து, நிறையத் தண்ணீரில் அவியுங்கள். இங்கே ஒரு உள்ளூர்ச் சங்கடம் இருக்கிறது. எங்கள் பக்கம் பல கிணறுகளில் தண்ணீர் கடுமை, கேத்திலின் உள்ளே வெள்ளையாகப் படிகிறதே, அதே தண்ணீர்தான். அதிலுள்ள கல்சியம் பருப்பு இளகுவதைத் தடுக்கும், வெளியே வெந்த மாதிரி இருக்கும், நடுவில் மணல் மாதிரி ஒரு கடிப்பு நிற்கும். அந்தக் கடிப்புத்தான் கல்லில் தோலைக் கிழிக்கிறது. ஊற வைக்கவும் அவிக்கவும் குடிக்க வாங்கும் வடிகட்டிய தண்ணீரையோ, பிடித்து வைத்த மழைத் தண்ணீரையோ பாவியுங்கள். அதுவும் இல்லையென்றால் அவிக்கும்போது ஒரு சிட்டிகை அப்பச்சோடா, ஒரே சிட்டிகை, கூடினால் சவர்க்கார வாசம் வரும்.

பிரஷர் குக்கரில் 3 விசில் பொதுவாகக் காணும், திறந்த பானையில் முக்கால் மணித்தியாலமாவது ஆகும். ஒரு பருப்பை எடுத்து இரண்டு விரலுக்கிடையில் நசித்துப் பாருங்கள், நடுவில் எதுவும் தட்டுப்படாமல் மெழுகாக நசிய வேண்டும், ஆனால் பானையில் பருப்பு உருவத்தோடு இருக்க வேண்டும். சர்க்கரையை இந்த நேரத்தில் போடவே கூடாது. சர்க்கரை சேர்ந்த பிறகு பருப்பு மேற்கொண்டு இளகாது, அரைவேக்காடு அரைவேக்காடாகவே நிற்கும்.

வெந்த பருப்பை அரிதட்டில் கொட்டி 20 நிமிடம் வடிய விடுங்கள். வடித்த தண்ணீரை ஊற்றாதீர்கள், புளியும் மிளகும் சேர்த்தால் அன்றைக்கு நல்ல ரசம். பருப்பு சூடாக இருக்கும்போதே தண்ணீர் விடாமல் அரைத்து, அரைத்ததை அரிதட்டில் கரண்டியால் அழுத்தித் தேய்த்து இறக்குங்கள். அலுப்புப் பிடித்த வேலைதான். ஆனால் தப்பி நின்ற ஒரே ஒரு பருப்புத் துண்டு போதும், அந்த இடத்தில் போளி திறந்துவிடும். மெல்லிய போளி வேண்டுமென்றால் இதைத் தாண்டிப் போக வழியில்லை.

இனிச் சர்க்கரையை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் உருக்கி, மண் போக வடித்துத் தாச்சியில் விட்டு, பருப்பைச் சேர்த்து, நடுத்தரத் தீயில் கிளறுங்கள். பனங்கட்டி போட்டாலும் நல்ல மணம், அதையும் வடித்துத்தான் விட வேண்டும். முதலில் கலவை இளகி ஓடும், பிறகு இறுகி வரும். அகப்பையை நடுவில் நட்டால் சாயாமல் நிற்கும் கட்டத்தில் இறக்கிவிடுங்கள். இன்னும் கொஞ்சம் இறுகட்டும் என்று விட்டால் ஆறிய பிறகு கல்லாகிவிடும், ஆறும்போதும் அது இறுகிக்கொண்டுதான் இருக்கிறது. ஏலக்காயும் மிச்ச உப்பும் சேர்த்து முழுதாக ஆற விடுங்கள்.

ஆறியதும் ஒரு உருண்டை பிடித்து உள்ளங்கையில் வைத்து அமத்துங்கள். ஓரம் வெடித்தால் காய்ந்துவிட்டது, ஒரு தேக்கரண்டி சுடுபால் விட்டுப் பிசையுங்கள். கையில் அப்பினால் ஈரம் கூட, திரும்ப அடுப்பில் வைத்துக் கிளறுங்கள். மா தூவி இறுக்காதீர்கள், பச்சை வாசம் போகாது. வெடிக்காமலும் ஒட்டாமலும் விரிந்தால், குழைத்த மாவையும் பக்கத்தில் வைத்து இரண்டையும் விரலால் அமத்திப் பாருங்கள். விரலுக்கு இரண்டும் ஒரே மாதிரி இடம் கொடுத்தால் வேலை முக்கால்வாசி முடிந்தது.

பொதிந்து தேய்ப்பது

பூரணத்தை 40 கிராம் அளவில் 12 உருண்டையாகவும், மாவை 30 கிராம் அளவில் 12 ஆகவும் பிரியுங்கள். கை பழகும்வரை இரண்டையும் சம அளவில் எடுத்தாலும் சரி, மிஞ்சும் பூரணத்தைச் சும்மா சாப்பிடலாம். கையில் எண்ணெய் தடவி, மாவை உள்ளங்கையில் தட்டி விரியுங்கள், நடு தடிப்பாகவும் ஓரம் மெல்லியதாகவும். தேய்க்கும்போது அமத்தம் முழுவதும் நடுவுக்குத்தான் போகிறது, அதனால் அங்கேதான் மா இருக்க வேண்டும். பூரணத்தை வைத்து, ஓரங்களைச் சுற்றி மேலே இழுத்துச் சேர்த்து, மிஞ்சி நிற்கும் வாலைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். அதை உள்ளே மடித்தால் அந்த இடம் தடித்து, பக்கத்து இடம் கிழியும். மூட்டு கீழே இருக்கும்படி வைத்து, எண்ணெய் தடவி, 5 நிமிடம் விடுங்கள்.

பலகையில் மா தூவித் தேய்ப்பதைவிட சோறு பொதியும் பொலித்தீன் லஞ்ச் ஷீட்டில் தேய்ப்பது புதியவர்களுக்கு நல்லது, வாழையிலை வெட்ட முடிந்தால் அதுவும். தாளில் எண்ணெய் தடவி, உருண்டையை மூட்டு கீழாக வைத்து, முதலில் விரல்களால் மட்டும் நடுவிலிருந்து வெளியே தள்ளித் தட்டுங்கள். உள்ளங்கை அளவு வரும்வரை உருட்டுக்கட்டையைத் தொட வேண்டாம். உள்ளே பூரணம் நகர்வது விரலுக்குத் தெரியும், எங்கே குவிந்து நிற்கிறதோ அங்கிருந்து ஓரத்துக்கு நகர்த்துங்கள். பிறகு மேலே இன்னொரு எண்ணெய்த் தாளை வைத்து, கட்டையின் பாரம் மட்டும் விழும்படி உருட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் தாளைக் கால்வட்டம் திருப்புங்கள், ஒரே திசையில் உருட்டினால் ஒரு பக்கம் மட்டும் மெலிந்துவிடும். 7 அங்குல அகலம் வந்து, தோலுக்குள்ளால் பூரணத்தின் நிறம் எல்லா இடமும் ஒரே மாதிரித் தெரிந்தால் நிறுத்துங்கள். ஒரு இடம் மட்டும் கருமையாகத் தெரிந்தால் அங்கே தோல் போய்க்கொண்டிருக்கிறது, அந்த இடத்தைத் தொடாதீர்கள்.

திறந்தே விட்டதா? பயறளவு மாவைக் கிள்ளி, எண்ணெய் தொட்டு, அந்த இடத்தில் அப்பிவிடுங்கள்.

கல்லில்

தோசைக்கல் நடுத்தரச் சூட்டில் இருக்க வேண்டும், தெளித்த தண்ணீர் ஒரு கணம் ஓடி மறைய வேண்டும். சூடு குறைந்தால் போளி வேகுமுன் காய்ந்து, திருப்பும்போது விரிசல் விடும். மேல் தாளை எடுத்துவிட்டு, கீழ்த் தாளோடு போளியைக் கவிழ்த்துக் கல்லில் போட்டு, 3 விநாடி பொறுத்து, தாளை ஒரு ஓரத்திலிருந்து படுக்கையாக உரியுங்கள். நேரே மேலே தூக்கினால் தோலும் கூட வரும். பொலித்தீன் கல்லில் படக் கூடாது, படும் என்று பயமிருந்தால் இலையில் தேய்த்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுப்போட்ட போளியானால், தாளை எடுக்குமுன் இரண்டு தாளோடும் ஒருமுறை புரட்டிக்கொண்டு, கல்லில் ஒட்டு மேலே இருக்கும்படி போடுங்கள். கீழ்ப்பக்கம் வேகும் ஆவியில் ஒட்டு இறுகிவிடும், பிறகு நிறைய நெய் விட்டுத் திருப்பலாம். பிதுங்கிய பூரணம் கல்லில் பட்டால் சர்க்கரை கருகி ஒட்டும், அடுத்த போளியும் அதே இடத்தில்தான் கிழியும். அதனால் ஒவ்வொன்றுக்கும் இடையில் ஈரத் துணியால் கல்லைத் துடையுங்கள்.

மேலே சிறு கொப்புளங்கள் எழும்புமட்டும், ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக, அதைத் தொட வேண்டாம். பிறகு நெய் தடவி, அகலமான தட்டகப்பையை முழுதாகக் கீழே விட்டு ஒரே தடவையில் திருப்புங்கள். அமத்த வேண்டாம், உள்ளே ஆவி சேர்ந்து போளி தானே எழும்பும், அமத்தினால் அந்த ஆவி தோலைப் பிரித்துக்கொண்டு வெளியேறும். இரண்டு பக்கமும் பொன் புள்ளி விழுந்ததும் எடுத்து, முதலில் தனித்தனியாகப் பரப்பி ஆற விட்டு, பிறகுதான் அடுக்குங்கள். சூடாக அடுக்கினால் வியர்த்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எங்கள் வெயிலுக்கு வெளியே வைத்தால் அன்றைக்கே தீர்த்துவிடுவது நல்லது, குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் தாங்கும். திரும்பச் சூடாக்கும்போது கல்லில் ஒரு சொட்டு நெய்யோடு போட்டால் பழைய மென்மை வந்துவிடும்.