பேஸ் பிளேட்டில் வாஷர் வெல்டில் ஏறியது: சரிசெய்த விதம்

பெங்களூரு பீன்யாவில் ஒரு ஷெட்டுக்கான வரைபடம். ஐஎஸ்எம்பி 300 காலம், 500 மி.மீ. நீளமுள்ள பேஸ் பிளேட், நான்கு எம்24 ஆங்கர் போல்ட். போல்ட் மையத்தை ஃபிளாஞ்ச் முகத்திலிருந்து 45 மி.மீ.யில் வைத்திருந்தேன். வாஷர் பிளேட் 80 மி.மீ. சதுரம், அதாவது மையத்திலிருந்து 40. ஃபில்லெட் வெல்டின் கால் 8. மிஞ்சுவது 37தான், வாஷர் வெல்டின் மேல் ஏறிச் சாய்ந்து நிற்கும். சாய்ந்த வாஷரில் நட் ஒரு ஓரத்தில் மட்டுமே அழுத்தும்.

துளை 30 மி.மீ. என்பதால் போல்ட் 3 மி.மீ. நகரக்கூடும். இதைக் கணக்கில் சேர்க்கப் பலர் மறக்கிறார்கள். 40, 8, 3 கூட்டினால் 51. எனவே மையத்தை 55க்குத் தள்ளினேன். ஓர தூரம் 55 குறையாமலிருக்க பிளேட்டை 520 ஆக்கினேன். நீட்டம் கூடியதால் பிளேட் தடிமனை டிசைன் இன்ஜினியரிடம் மறுபடி சரிபார்க்கக் கொடுத்தேன். காங்கிரீட் போடும் முன் டெம்ப்ளேட் வரைபடத்தையும் மாற்றியாக வேண்டும்.

அடுத்தது வெல்ட் குறி. வெறும் 8 என்று எழுதியிருந்தேன். அதைத் தொண்டைக் கனம் என்று எடுத்துக்கொண்டால் கால் 11 மி.மீ.க்கு மேல் போகும், வாஷருக்கு விட்ட இடம் கிட்டத்தட்ட இல்லாமல் போகும். `z8` என்று எழுதினால் கால் அளவு, `a8` என்றால் தொண்டை. குறியிலேயே `z8` போட்டேன்.