சரிசெய்தும் திரும்ப எரியும் ஏர்பேக் விளக்கு: ரீகாலையும் சர்வீஸ் புல்லட்டினையும் தேடிப் படிப்பது எப்படி

ஏர்பேக் விளக்கு எரிகிறது என்று வண்டியை விடுகிறீர்கள். ஸ்கேனரை மாட்டி, அது காட்டும் கோளாறுக் குறியீட்டை, அதாவது ‘கோடு’ என்பதை அழித்து, விளக்கை அணைத்துத் தருகிறார்கள். பத்து நாளில் மறுபடி எரிகிறது. அடுத்த முறை ஏர்பேக் கன்ட்ரோல் மாட்யூலையே மாற்றச் சொல்வார்கள். அது விலை உயர்ந்த பாகம். அதற்குச் சம்மதிக்கும் முன், தயாரிப்பாளர் இதைப் பற்றி ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறாரா என்று பார்த்துவிடுங்கள். பாதுகாப்புக் குறையைத் தன் செலவில் சரிசெய்ய வண்டிகளைத் திரும்ப அழைக்கும் அறிவிப்பு ரீகால். மெக்கானிக்குகளுக்கு அவர் தரும் வழிகாட்டிக் குறிப்பு சர்வீஸ் புல்லட்டின்.

ஏன் என்பதற்கு ஒரு உண்மையான உதாரணம். 2013 அக்டோபரில் டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 8 லட்சம் வண்டிகளுக்கு ரீகால் அறிவித்தது. 2012, 2013 மாடல் கேம்ரி, வென்சா, அவலான் வண்டிகள் அவை. ஏசியில் சேரும் தண்ணீர் வெளியேற ஒரு குழாய் உண்டு. அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஏசி பெட்டியிலிருந்து கசிந்து ஏர்பேக் மாட்யூல் மேல் சொட்டும். அடைப்புக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது சிலந்தி வலை! மாட்யூலில் ஷார்ட் ஆனால் விளக்கு எரியும். ஏர்பேக் தானாகவே விரிந்துவிடும் ஆபத்தும் இருந்தது.

இங்கே ஸ்கேனர் எதைக் காட்டும்? மாட்யூலில் கோளாறு என்று மட்டுமே காட்டும். மேலே அடைத்த குழாயை அதனால் பார்க்க முடியாது. மாட்யூலை மாற்றினால் விளக்கு அணையும், ஆனால் தண்ணீர் சொட்டுவது நிற்காது. அதனால்தான் ரீகாலில் சொன்ன வேலை வேறு மாதிரி இருந்தது: தண்ணீர் கசியும் இடத்தில் சீலண்ட் பூசி, ஒரு மூடி போடுவது.

1. முதலில் எழுதி வையுங்கள்

எந்த விளக்கு, என்ன கோடு, எப்போது எரிகிறது என்ற மூன்றும் வேண்டும். கோடை அழிப்பதற்கு முன்பே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஏர்பேக் கோடு பெரும்பாலும் `B` என்ற எழுத்தில் தொடங்கும். விலை குறைந்த ஸ்கேனர்கள் பல, `P` என்று தொடங்கும் இன்ஜின் கோடுகளை மட்டுமே படிக்கும். அது ‘கோடு இல்லை’ என்று சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

நேரமும் முக்கியம். ஏசி வெகுநேரம் ஓடிய பிறகு எரிகிறதா, கால் வைக்கும் இடத்துக் கார்ப்பெட் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஆம் என்றால் தண்ணீர் மேல்தான் முதல் சந்தேகம் வர வேண்டும்.

2. வின் நம்பரைப் போட்டுத் தேடுங்கள்

உங்கள் வண்டிக்கு மட்டுமே உரிய, 17 எழுத்தும் எண்ணும் கலந்த நம்பர் அது. முன் கண்ணாடியின் அடிப்பக்க ஓரத்தில் இருக்கும். அதில் `I`, `O`, `Q` வராது, அதனால் வட்டமாகத் தெரிவது பூஜ்ஜியம்தான். தயாரிப்பாளரின் தளத்திலோ, உங்கள் நாட்டின் ரீகால் பதிவேட்டிலோ தேடலாம். அமெரிக்காவில் விற்கப்பட்ட வண்டி என்றால் `nhtsa.gov/recalls`.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். அந்தத் தளத்தில் வின் நம்பரைப் போட்டால், இன்னும் செய்யப்படாத ரீகால் மட்டுமே வரும். முடிந்ததாகப் பதிவான ரீகால் வராது. சர்வீஸ் புல்லட்டினும் வராது. ‘ஒன்றுமில்லை’ என்று வந்ததும் மூடிவிடாதீர்கள்.

3. மாடலை வைத்து இன்னொரு முறை தேடுங்கள்

இப்போது ஆண்டு, தயாரிப்பாளர், மாடல் கொடுத்துத் தேடுங்கள். அதே தளத்தில் `Manufacturer Communications` என்ற பகுதியில் புல்லட்டின்கள் கிடைக்கும். தலைப்பில் விளக்கின் பெயரைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கோடு எண்ணைத் தேடுங்கள்.

4. படிக்கும் வரிசை

முதலில் எந்த வண்டிகளுக்கு என்ற பகுதியைப் படியுங்கள். ஒரே மாடலிலும் குறிப்பிட்ட மாதங்களில் தயாரானவை மட்டும் அதில் இருக்கலாம். உங்கள் வண்டி அந்த வரம்புக்குள் இல்லையென்றால், அறிகுறி எவ்வளவு பொருந்தினாலும் அதைச் சான்றாகக் காட்ட முடியாது. அப்புறம் அறிகுறி, காரணம், செய்ய வேண்டிய வேலை. கோடு ஒன்றாக இருப்பது மட்டும் போதாது, ஏனென்றால் ஒரே கோடுக்குப் பல காரணங்கள் இருக்கும். எப்போது எரிகிறது என்பதும் ஒத்துப்போக வேண்டும்.

5. வொர்க்‌ஷாப்பில் கேட்பது

ரீகால் பாதுகாப்புக் குறைக்கானது, அதைத் தயாரிப்பாளர் செலவில் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் செய்துதரும். புல்லட்டின் அப்படியல்ல, மெக்கானிக்குக்கான வழிகாட்டி அது. வாரண்டி முடிந்திருந்தால் பொதுவாகப் பணம் நீங்கள்தான் கட்ட வேண்டும். ஆனாலும் தவறான பாகத்தை மாற்றும் செலவு மிச்சம்.

கிடைத்த அறிவிப்பை அச்செடுத்துக் கொண்டுபோய், அந்த டொயோட்டா ரீகால் போன்றதென்றால், “இந்த நம்பர் ரீகால் என் வண்டிக்கு முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா? மூடி போட்டிருக்கிறார்களா என்று நான் பார்க்கலாமா?” என்று நேராகவே கேளுங்கள். பதிவில் ‘முடிந்தது’ என்றிருந்து வண்டியில் மூடி இல்லாமல் இருந்தால், வேலை பாக்கி என்று எழுத்தில் வாங்குங்கள். ஏர்பேக் வயர்களை மட்டும் நீங்களே கழற்றவோ மீட்டர் வைத்துச் சோதிக்கவோ வேண்டாம். அதில் ஏர்பேக் விரிந்துவிடலாம்.