நடுச்சாமத்தில் டிஸ்க் நிரம்பும்போது சீனியரை எத்தனை மணிக்கு எழுப்புவது?

திருகோணமலையில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து உப்புவெளி, நிலாவெளிப் பக்க விடுதிகளுக்கு முன்பதிவு மென்பொருள் நடத்துகிறோம். சேர்வரை முழுதாகத் தெரிந்தவர் எங்கள் அண்ணா ஒருவர்தான். மற்ற மூவரும் முறை வைத்து இரவு போனைப் பார்த்துக்கொள்கிறோம். சீசன் காலத்தில் எங்களுக்கு இரவு அமைதியானதும் இல்லை. இங்கே அதிகாலை 2:10 என்றால் ஜெர்மனியில் கோடைகாலத்தில் இரவு 10:40. அறை தேடுபவர்கள் அந்த நேரத்தில்தான் வருகிறார்கள்.

இந்த வழிமுறை, நான் அண்ணாவைப் பிந்தி எழுப்பிய ஓர் இரவுக்குப் பிறகு எழுதியது. போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் இருக்கும் டிஸ்க் நிரம்பிக்கொண்டு வரும் நிலைக்கு மட்டும்தான் இது. காசு இரண்டு தடவை வெட்டுப்படுவது, ஒரே அறை இருவருக்குப் போவது, யாரோ உள்ளே நுழைந்த சந்தேகம், இவற்றில் எதுவானாலும் கணக்குப் பார்க்க வேண்டாம். உடனே எழுப்புங்கள்.

படி 1: எத்தனை மணிக்கு நிரம்பும் என்று கணக்கிடுங்கள்

நான் தவறவிட்ட இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2:10-க்கு எச்சரிக்கை வந்தது. `df -h` போட்டேன், மிச்சம் 14G. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 13G. பத்து நிமிடத்துக்கு ஒரு ஜிபி, மிச்சம் 13 என்றால் 130 நிமிடம், அதாவது 4:30 வரை தாங்கும் என்று நினைத்தேன். மூன்றரைக்கு அண்ணாவிடம் சொன்னால் போதும், அதுவரை அவர் நித்திரை கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். தரவுத்தளம் 3:50-ஐ ஒட்டி நின்றுவிட்டது.

`-h` போட்டால் பத்துக்கு மேற்பட்ட அளவுகளை `df` முழு எண்ணாக மேல்நோக்கிச் சரிக்கட்டிக் காட்டும். உண்மையில் 2:10-க்கு இருந்தது 13,800 எம்பி, 2:20-க்கு 12,400 எம்பி. திரையில் ஒரு ஜிபி குறைந்ததாகத் தெரிந்தாலும் போனது 1,400 எம்பி. 12,400-ஐ 1,400-ஆல் வகுத்தால் 8.8-க்குச் சற்று மேற்பட்ட பத்து நிமிடங்கள் வரும். 2:20-இலிருந்து 88 நிமிடம் கூட்டினால் 3:48. ஒரு எழுத்தால் எனக்கு நாற்பது நிமிடம் பிழைத்தது.

ஆகவே இப்படிப் பாருங்கள்:

```
date; df -m /var/lib/postgresql
```

பத்து நிமிடம் விட்டு மறுபடியும் அதையே போடுங்கள். `date` சேர்த்திருப்பது காரணத்தோடுதான்: இரண்டு பார்வைக்கும் இடையே எத்தனை நிமிடம் போனது என்று நித்திரைக் கலக்கத்தில் ஊகிக்க வேண்டியிருக்காது. எங்கள் சேர்வர் யூடிசியில் ஓடுவதால் 2:10 என்பது அங்கே முதல் நாள் 20:40. ஐந்தரை மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள்.

படி 2: அழைக்கும் நேரத்தைத் தாளில் எழுதுங்கள்

நிரம்பும் நேரத்திலிருந்து ஒரு மணித்தியாலம் கழியுங்கள். அண்ணா எழும்பி, முகம் கழுவி, லப்டொப்பைத் திறந்து உள்ளே வர இருபது நிமிடம். பிரச்சினையைப் பார்க்க இருபது, சரிசெய்ய இருபது. 3:48-க்கு நிரம்பும் என்றால் 2:48-க்குப் போன் எடுக்க வேண்டும். நிரம்பும் நேரம் காலை 8 மணிக்குப் பிறகு வந்தால் எழுப்பத் தேவையில்லை. ஆனால் வேகம் மாறும், எனவே அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அளந்து நேரத்தைத் திருத்துங்கள்.

படி 3: அதுவரை தொடக்கூடியதும் கூடாததும்

முதலில் இதைப் பாருங்கள். பார்ப்பதால் ஒன்றும் கெடாது:

```
SELECT slot_name, active,
  pg_size_pretty(pg_wal_lsn_diff(
    pg_current_wal_lsn(), restart_lsn))
FROM pg_replication_slots;
```

அன்று `active` என்ற இடத்தில் `f` இருந்தது. அதாவது நகல் சேர்வர் தொடர்பறுந்து கிடந்தது. அது திரும்பி வந்து கேட்கும் என்று, முதன்மைச் சேர்வர் எல்லா மாற்றப் பதிவுகளையும் `pg_wal` அடைவில் அழிக்காமல் சேர்த்துவைத்திருந்தது. இரவில் ஓடும் அறை விலைக் கணக்கீடு அதை வேகமாகப் பெருக்கியது. அந்தக் கணக்கீட்டை நிறுத்த இரவு முறைக்காரருக்கு அனுமதி உண்டு, மறுநாள் திரும்ப ஓட்டலாம்.

`pg_wal` உள்ளே எதையும் கையால் அழிக்கக் கூடாது. பெயரைப் பார்த்தால் பழைய குப்பை போலத் தெரியும், அன்று நானும் `rm` அடிக்கப் போனேன். தேவையான ஒரு கோப்புப் போனாலே தரவுத்தளம் எழும்பாமல் போகலாம். நகல் சேர்வருக்காகப் பதிவுகளைப் பிடித்துவைக்கும் அந்த ஸ்லொட்டை நீக்குவதும் அண்ணாவின் முடிவு. நீக்கினால் இடம் கிடைக்கும், ஆனால் நகல் சேர்வரைப் புதிதாகக் கட்ட வேண்டிவரும். சேர்வரை மீள்தொடக்கம் செய்வதும் வேண்டாம்.

அந்த இரவுக்குப் பிறகு நான் விடாமல் வற்புறுத்துவது, அவசரத்துக்கு அழித்து இடமெடுக்க ஒரு வெற்றுக் கோப்பு:

```
fallocate -l 2G /var/lib/postgresql/ballast
```

பகலிலேயே செய்து வையுங்கள், தரவுத்தளம் இருக்கும் அதே டிஸ்க்கில் இருக்க வேண்டும். அழைத்தும் ஆள் வந்து சேராவிட்டால் இதை அழியுங்கள். அன்றைய வேகத்தில் கிட்டத்தட்ட பதினைந்து நிமிடம் கிடைக்கும். விலை கூடிய கண்காணிப்புக் கருவிகளை விட இது எங்களுக்கு அதிகம் உதவியிருக்கிறது.

படி 4: எழுப்புங்கள்

வட்ஸ்அப்பில் செய்தி போடுவது எழுப்புவது ஆகாது. மூன்றரைக்கு நான் போட்ட செய்தியை அண்ணா விடிந்த பிறகுதான் பார்த்தார். வட்ஸ்அப் அழைப்பும் வேண்டாம், இரவில் டேட்டாவை நிறுத்திவைத்திருந்தால் அடிக்காது. சாதாரண அழைப்பு எடுங்கள். எடுக்காவிட்டால் உடனே இரண்டாம் தடவை எடுங்கள். பல போன்களில், தொந்தரவு செய்யாதே என்ற நிலையிலும், அதே ஆள் சில நிமிடங்களுக்குள் மறுபடி எடுத்தால் அடிக்கவிடும் வசதி இருக்கிறது. பகலில் அண்ணாவின் போனை வாங்கி அதைப் போட்டோம், எங்கள் மூன்று இலக்கங்களையும் விதிவிலக்கில் சேர்த்தோம்.

முதல் மூச்சிலேயே நிலைமை, நேரம், தேவை மூன்றையும் சொல்லுங்கள்:

"அண்ணா, டிஸ்க் 3:48-க்கு நிரம்பும். நகல் சேர்வர் அறுந்து கிடக்கு, விலைக் கணக்கீட்டை நிப்பாட்டிட்டேன். ஸ்லொட்டை நீக்கலாமா எண்டு நீங்கள் சொல்லவேணும்."

"சரி தம்பி, ஒண்டையும் தொடாத, வாறன்."

போன மாதம் இதே தொல்லை மறுபடி வந்தபோதும் நடந்தது இவ்வளவுதான். அண்ணா வந்து ஸ்லொட்டை நீக்கி, `CHECKPOINT;` கொடுத்தார். அதைக் கொடுக்கும்வரை இடம் திரும்பவில்லை என்பதைக் கவனித்து வையுங்கள், நீக்கியும் குறையவில்லையே என்று பதற வேண்டாம். முதல் தடவை தரவுத்தளம் நின்ற பிறகுதான் அவர் வந்ததால் டிஸ்க்கையே 20 ஜிபி கூட்டித்தான் எழுப்ப முடிந்தது.

பின் சேர்த்தது: ஸ்லொட் பிடித்துவைக்கும் பதிவுகளுக்கு எல்லை போடும் `max_slot_wal_keep_size` வைத்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்மை, போஸ்ட்கிரஸ் 13-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. இயல்பாக அது -1, அதாவது எல்லையில்லை. நாங்கள் இப்போது 10GB வைத்திருக்கிறோம். எல்லை தாண்டினால் ஸ்லொட் செல்லாததாகி, நகலைத் திரும்பக் கட்ட வேண்டிவரும், ஆனால் முதன்மைச் சேர்வர் நிற்காது. அப்படி நடந்தால் அண்ணாவைக் காலையில் எழும்பிய பிறகு கூப்பிடலாம்.

இன்னொன்று: மாரிகாலத்தில் கரண்ட் போனால் வீட்டு ரவுட்டரும் நிற்கும். இரவு முறைக்காரர் போனில் டேட்டாவும் முழுச் சார்ஜும் இருக்கிறதா என்று படுக்கப் போகும் முன் பார்த்துக்கொள்ளட்டும்.