பிரிவுகளாகத் தொகுத்த பட்டியலில் சராசரியும் இடைநிலை அளவும் கண்டுபிடிப்பது எப்படி?

தமிழ்நாட்டில் வீட்டு மின்சார மீட்டரை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கிறார்கள். ஒரு தெருவில் 40 வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எந்த வீடு எத்தனை யூனிட் என்ற விவரம் நம் கையில் இல்லை. கீழே உள்ள பட்டியல் மட்டும்தான் இருக்கிறது. (எண்கள் கணக்குக்காக நான் எழுதியவை.)

| யூனிட் | வீடுகள் (f) |
|---|---|
| 0–100 | 5 |
| 100–200 | 13 |
| 200–300 | 10 |
| 300–400 | 6 |
| 400–500 | 4 |
| 500–600 | 2 |

சரியாக 200 யூனிட் ஓடிய வீடு 200–300 பிரிவில் சேரும், அதற்கு முந்தைய பிரிவில் சேராது. பிரிவின் கீழ் எல்லை உள்ளே, மேல் எல்லை வெளியே என்று நினைவில் வைத்தால் போதும்.

சராசரி

சராசரிக்கு 40 வீடுகளின் யூனிட்டையும் கூட்ட வேண்டும். ஆனால் 100–200 பிரிவில் இருக்கும் 13 வீடுகளில் ஒன்று 104 ஆக இருக்கலாம், இன்னொன்று 197 ஆக இருக்கலாம். நமக்குத் தெரியாது. அதனால் அந்த 13 வீடுகளுமே பிரிவின் நடுவில், அதாவது 150 யூனிட்டில், இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம். சில வீடுகள் நடுவுக்குக் கீழே, சில மேலே இருக்கும். கூட்டும்போது பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்ற நம்பிக்கைதான் இந்த முறைக்கு அடிப்படை.

ஒவ்வொரு பிரிவின் நடு மதிப்பையும் (x) அதன் நிகழ்வெண்ணால், அதாவது அந்தப் பிரிவில் உள்ள வீடுகளின் எண்ணிக்கையால், பெருக்குங்கள்:

```
 50 ×  5 =  250
150 × 13 = 1950
250 × 10 = 2500
350 ×  6 = 2100
450 ×  4 = 1800
550 ×  2 = 1100
Σfx      = 9700
```

இப்போது வகுக்க வேண்டும். பட்டியலில் ஆறு வரி இருப்பதால் 6 ஆல் வகுத்துவிடுவது புதிதாகப் படிப்பவர்களிடம் அடிக்கடி நடக்கும் தவறு. அப்படி வகுத்தால் சுமார் 1617 என்று வரும். தெருவிலேயே 600 யூனிட்டைத் தொட்ட வீடு கிடையாது, அப்புறம் சராசரி எப்படி 1617 ஆகும்? நாம் கூட்டியது 40 வீடுகளின் யூனிட், அதனால் 40 ஆல்தான் வகுக்க வேண்டும்.

9700 ÷ 40 = 242.5 யூனிட்.

இது மதிப்பீடுதான். எவ்வளவு தள்ளிப்போகலாம் என்றும் சொல்லிவிட முடியும். எல்லா வீடுகளும் தங்கள் பிரிவின் கீழ் எல்லையிலேயே இருந்தால், ஒவ்வொரு வீட்டுக்கும் 50 யூனிட் குறையும், சராசரி 192.5 ஆகும். எல்லாம் மேல் எல்லையை ஒட்டி இருந்தால் 292.5 ஐ நெருங்கும். உண்மையான சராசரி இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. நடைமுறையில் இவ்வளவு விலகல் வராது என்றாலும், பிரிவின் அகலம் கூடக் கூட இந்த இடைவெளியும் கூடும்.

இடைநிலை அளவு

வீடுகளை யூனிட் வாரியாக ஏறுவரிசையில் நிறுத்தினால், பாதி வீடுகள் எந்த அளவுக்குக் கீழே இருக்கின்றன? அதைத்தான் இப்போது தேடுகிறோம். முதலில் நிகழ்வெண்களை மேலிருந்து கூட்டிக்கொண்டே வந்து குவிவு நிகழ்வெண் எழுதுங்கள்.

| யூனிட் | f | குவிவு நிகழ்வெண் |
|---|---|---|
| 0–100 | 5 | 5 |
| 100–200 | 13 | 18 |
| 200–300 | 10 | 28 |
| 300–400 | 6 | 34 |
| 400–500 | 4 | 38 |
| 500–600 | 2 | 40 |

கடைசி எண் 40 வராவிட்டால் எங்கோ கூட்டல் தப்பியிருக்கிறது. அதைச் சரிசெய்துவிட்டு மேலே போங்கள்.

40 இல் பாதி 20. குவிவு நிகழ்வெண் 20 ஐ முதலில் எட்டும் வரியைப் பாருங்கள். 200 யூனிட் வரை 18 வீடுகள், 300 வரை 28 வீடுகள். ஆகவே இடைநிலை 200–300 பிரிவில் விழுகிறது. அதிக வீடுகள் உள்ள பிரிவு 100–200 தான், ஆனால் அதற்கும் இடைநிலைக்கும் சம்பந்தம் இல்லை.

சூத்திரத்துக்கு முன்னால் இதை யோசித்தே செய்து பார்ப்போம். இந்தப் பிரிவின் 10 வீடுகளும் 100 யூனிட் அகலத்தில் சமமாகப் பரவியிருப்பதாக எடுத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு வீட்டுக்கு 10 யூனிட் இடம். பிரிவுக்குள் நுழையும்போதே 18 வீடுகளைக் கடந்துவிட்டோம், 20 ஐ எட்ட இன்னும் 2 வீடுகள் வேண்டும். 2 × 10 = 20. எனவே இடைநிலை 200 + 20 = 220 யூனிட்.

பாடப்புத்தகச் சூத்திரம் இதே யோசனைதான்:

```
இடைநிலை = l + ((N/2 − m) / f) × c
        = 200 + ((20 − 18) / 10) × 100
        = 220
```

N என்பது மொத்த வீடுகளின் எண்ணிக்கை, l என்பது இடைநிலைப் பிரிவின் கீழ் எல்லை, f அந்தப் பிரிவின் நிகழ்வெண், c அதன் அகலம். m மட்டும் கொஞ்சம் கவனம் கேட்கும்: அது *முந்தைய* பிரிவின் *குவிவு* நிகழ்வெண். அதே பிரிவின் 28 ஐப் போட்டால் விடை 120 என்று வரும். அது 200–300 க்கு வெளியே இருப்பதால் தவறு உடனே தெரிந்துவிடும். குவிவு எண்ணுக்குப் பதில் முந்தைய பிரிவின் நிகழ்வெண் 13 ஐப் போட்டால் 270 வரும். இது பிரிவுக்குள்ளேயே இருப்பதால் கண்ணில் படாது. 10 வீடுகளில் இரண்டை மட்டும்தான் கடக்க வேண்டும், அப்படியென்றால் விடை 200 க்குப் பக்கத்தில் இருக்க வேண்டாமா என்று கேட்டுப் பார்த்தால்தான் பிடிபடும்.

வரைபடத்தில் செய்பவர்கள் ஒவ்வொரு குவிவு எண்ணையும் பிரிவின் மேல் எல்லைக்கு நேராகக் குறிக்க வேண்டும்: (100, 5), (200, 18), (300, 28) என்று. ஏனென்றால் 18 வீடுகள் முடிவது 200 இல். சராசரிப் பழக்கத்தில் 150, 250 என்று நடு மதிப்புக்கு நேராகக் குறித்தால் கோடு முழுவதும் 50 யூனிட் இடப்பக்கம் நகர்ந்து, விடை 170 ஆகிவிடும்.

பிரிவுகள் 101–200, 201–300 என்று இருந்தால்

இப்படிப்பட்ட பட்டியலில் 200 க்கும் 201 க்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது. அதை மூட எல்லைகளை 200.5–300.5 என்று மாற்றிக்கொள்ளுங்கள். அகலம் 300 − 201 = 99 அல்ல, 100. இதே நிகழ்வெண்களுக்கு இடைநிலை 200.5 + 20 = 220.5 ஆகும்.

கடைசிப் பிரிவு "500க்கு மேல்" என்று இருந்தால்

இங்கேதான் இரண்டு அளவுகளும் பிரிகின்றன. மேல் எல்லை இல்லாததால் நடு மதிப்பு இல்லை, ஆகவே சராசரிக்கு நாமாக ஒரு எல்லையை ஊகிக்க வேண்டும். 600 என்று வைத்தால் சராசரி 242.5. 1000 என்று வைத்தால் நடு மதிப்பு 750 ஆகி, Σfx 10100 ஆகி, சராசரி 252.5 க்கு ஏறுகிறது. கடைசியில் இருக்கும் இரண்டே வீடுகளால் வந்த மாற்றம் இது. இடைநிலையோ இரண்டு நிலையிலும் 220 தான், ஏனென்றால் 20 ஐத் தேடிப்போகும் வழியில் கடைசி வரியை நாம் தொடவே இல்லை. இப்படித் திறந்த பிரிவு இருக்கும் பட்டியலில் நான் இடைநிலையைத்தான் சொல்வேன். சராசரியும் கட்டாயம் வேண்டும் என்றால், எந்த மேல் எல்லையை ஊகித்தீர்கள் என்பதை விடைக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.