அதிகபட்சப் பாய்வு: வேலூர் லாரிக் கணக்கு ஒன்றைப் படிப்படியாகப் போட்டுப் பார்ப்போம்

அல்காரிதம் தேர்வில் அதிகபட்சப் பாய்வுக் கணக்கு பெரும்பாலும் ஆறேழு முனைகளுக்குள் அடங்கிவிடும். கூட்டலும் கழித்தலும் தெரிந்தாலே போதும் என்பதால் இது எளிது என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் விடைத்தாளில் மதிப்பெண் போகும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: பின்னோக்கு விளிம்பு. அது கட்டாயம் தேவைப்படுகிற ஒரு கணக்கை இங்கே முழுவதுமாகப் போட்டுக் காட்டுகிறேன்.

வேலூர் மொத்தச் சந்தையிலிருந்து முள்ளுக் கத்தரிக்காய் ஏற்றிய லாரிகள் சென்னைக்குச் செல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இடையில் காட்பாடி, ஆற்காடு, அரக்கோணம், காஞ்சிபுரம் ஆகிய நான்கு ஊர்கள் உள்ளன. ஒவ்வொரு வழியிலும் ஓர் இரவில் அதிகபட்சம் எத்தனை லாரிகள் செல்லலாம் என்பதே அதன் கொள்ளளவு. எல்லா வழிகளையும் சேர்த்து ஓர் இரவில் மொத்தம் எத்தனை லாரிகளைச் சென்னைக்கு அனுப்ப முடியும் என்பதே கேள்வி; அந்த எண்ணே அதிகபட்சப் பாய்வு. எண்கள் கணக்குக்காக நானே வைத்தவை. சாலையில் போய் எண்ணிப் பார்க்க வேண்டாம்.

```
வேலூர் → காட்பாடி        8
வேலூர் → ஆற்காடு         9
காட்பாடி → அரக்கோணம்     6
ஆற்காடு → அரக்கோணம்      5
ஆற்காடு → காஞ்சிபுரம்     6
அரக்கோணம் → சென்னை      8
காஞ்சிபுரம் → சென்னை      7
```

படத்தை வரையும்போது ஒவ்வொரு விளிம்பின் மீதும் ஒரே எண்ணை எழுதாமல் இரண்டு எண்களுக்கு இடம் விடுங்கள். ஒன்று, முன்னோக்கி இன்னும் எத்தனை லாரிகளை அனுப்பலாம் என்பது. மற்றொன்று, ஏற்கெனவே அனுப்பியதில் எத்தனையைத் திரும்பப் பெறலாம் என்பது. தொடக்கத்தில் முதல் எண் முழுக் கொள்ளளவாகவும் இரண்டாவது எண் சுழியமாகவும் இருக்கும். இந்த இரண்டு எண்களின் கூட்டுத்தொகை கடைசிவரை மாறவே கூடாது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் இதைச் சரிபார்த்துவிட்டால் பாதித் தவறுகள் அங்கேயே பிடிபட்டுவிடும்.

முதல் மூன்று சுற்றுகள்

எஞ்சிய கொள்ளளவு சுழியமாக இல்லாத விளிம்புகளின் வழியாகவே வேலூரிலிருந்து சென்னைவரை செல்லும் பாதை ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். இதுவே ஆக்மென்டிங் பாதை. அந்தப் பாதையில் உள்ள மிகச் சிறிய எண் எதுவோ, அவ்வளவு லாரிகளைத்தான் அந்தச் சுற்றில் அனுப்ப முடியும்.

வேலூர், ஆற்காடு, அரக்கோணம், சென்னை என்ற பாதையை முதலில் எடுப்போம். எண்கள் 9, 5, 8, சிறியது 5. ஐந்து லாரிகளை அனுப்பியபின் ஆற்காடு–அரக்கோணம் வழியில் முன்னோக்கிய எண் 0, பின்னோக்கிய எண் 5. அடுத்து வேலூர், ஆற்காடு, காஞ்சிபுரம், சென்னை. வேலூர்–ஆற்காடு வழியில் 4 மட்டுமே எஞ்சியிருப்பதால் நான்கு லாரிகள். மூன்றாவதாக வேலூர், காட்பாடி, அரக்கோணம், சென்னை. அரக்கோணம்–சென்னை வழியில் எஞ்சியிருப்பது 3 என்பதால் மூன்று லாரிகள். ஆகப் பாய்வு 12.

இப்போது முன்னோக்கிய விளிம்புகளை மட்டும் பார்த்தால் வேறு பாதை கிடையாது. வேலூர்–ஆற்காடு நிரம்பிவிட்டது, காட்பாடி வழியாக அரக்கோணம்வரை சென்றாலும் அங்கிருந்து சென்னைக்கு இடமில்லை. இந்த இடத்தில்தான் பலர் 12 என்று எழுதிக் கட்டம் கட்டிவிடுகிறார்கள். அது தவறு.

நான்காம் சுற்று

அரக்கோணத்தில் நின்றுகொண்டு பின்னோக்கிய எண்ணைப் பாருங்கள். ஆற்காட்டை நோக்கி 5 இருக்கிறது. ஆற்காட்டிலிருந்து காஞ்சிபுரத்துக்கு இன்னும் 2, காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கு 3. எனவே வேலூர், காட்பாடி, அரக்கோணம், ஆற்காடு, காஞ்சிபுரம், சென்னை என்று ஒரு பாதை உண்டு. அதன் எண்கள் 5, 3, 5, 2, 3, சிறியது 2. பாய்வு 14 ஆகிறது.

இதைக் கரும்பலகையில் போட்டபோது ஒரு மாணவி, "சார், அரக்கோணம் போன லாரி ஆற்காட்டுக்குத் திரும்பி வருமா?" என்று கேட்டார். வராது, எந்த லாரியும் திரும்புவதில்லை. ஆற்காட்டிலிருந்து அரக்கோணத்துக்கு அனுப்புவதாக நாம் முடிவு செய்திருந்த ஐந்தில் இரண்டை இப்போது காஞ்சிபுரம் பக்கம் திருப்பிவிடுகிறோம். அதனால் அரக்கோணம்–சென்னை வழியில் காலியான இரண்டு இடங்களைக் காட்பாடியிலிருந்து வரும் இரண்டு லாரிகள் எடுத்துக்கொள்கின்றன. பின்னோக்கு விளிம்பு என்பது முன்பு எடுத்த முடிவை மாற்றிக்கொள்ளும் உரிமையே தவிர வேறில்லை. ஆகவே விடையில் அந்த விளிம்பின் பாய்வை 5 + 2 என்று எழுதக் கூடாது; 5 − 2 = 3 என்றே எழுத வேண்டும். கூட்டி எழுதியவர்களுக்கு அங்கே 7 வந்து, கொள்ளளவான 5-ஐத் தாண்டிவிடும். தவறு நடந்ததற்கு அதுவே அடையாளம்.

இறுதிப் பாய்வைச் சரிபார்ப்போம். ஆற்காட்டுக்கு வருவது 9; அங்கிருந்து போவது 3 + 6. அரக்கோணத்துக்கு வருவது 5 + 3, போவது 8. காட்பாடியில் ஐந்து வந்து ஐந்து போகிறது, காஞ்சிபுரத்தில் ஆறு வந்து ஆறு போகிறது. எல்லாம் சரி.

இதற்கு மேல் முடியாது என்று காட்டுவது

நிறுத்தலாம் என்று எப்படித் தெரியும்? வேலூரிலிருந்து எஞ்சிய எண்களின் வழியாக எந்தெந்த ஊர்களை அடைய முடிகிறது என்று குறியுங்கள். காட்பாடிக்கு 3 மீதம், அங்கிருந்து அரக்கோணத்துக்கு 1 மீதம், அரக்கோணத்திலிருந்து பின்னோக்கி ஆற்காட்டுக்கு 3 மீதம். அதற்கப்பால் எங்கும் போக முடியவில்லை. ஆகவே இந்த நான்கு ஊர்களும் ஒரு பக்கம். காஞ்சிபுரமும் சென்னையும் மறுபக்கம். முதல் பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் செல்லும் விளிம்புகள் ஆற்காடு–காஞ்சிபுரம் 6, அரக்கோணம்–சென்னை 8. கூட்டினால் 14. சென்னைக்குப் போகும் ஒவ்வொரு லாரியும் இந்த இரண்டில் ஒன்றைக் கடந்தே ஆக வேண்டும் என்பதால் 14-ஐ மிஞ்ச வழியில்லை. இதுவே மிகச் சிறிய வெட்டு.

நிரம்பிய விளிம்புகளையெல்லாம் கூட்டினால் வெட்டு கிடைக்கும் என்று ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. நம் கணக்கில் வேலூர்–ஆற்காடு வழியும் நிரம்பியே இருக்கிறது. அதையும் சேர்த்தால் 23 வந்துவிடும். ஆனால் ஆற்காட்டை அரக்கோணம் சுற்றி அடைய முடிவதால் அந்த விளிம்பின் இரு முனைகளும் ஒரே பக்கத்தில் உள்ளன. அது வெட்டில் சேராது. அடையக்கூடிய முனைகளைத் தேடிக் குறிக்காமல் படத்தைக் கண்ணால் பார்த்தே வெட்டுக் கோடு போடுபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

பாதையை எந்த வரிசையில் எடுப்பது

முதல் சுற்றிலேயே காட்பாடி–அரக்கோணம் பாதையை எடுத்திருந்தால் 6, பிறகு ஆற்காடு–அரக்கோணம் பாதையில் 2, கடைசியாகக் காஞ்சிபுரம் பாதையில் 6 என்று மூன்றே சுற்றில், பின்னோக்கு விளிம்பே தேவைப்படாமல், அதே 14 வந்திருக்கும். அப்போது வேலூரிலிருந்து காட்பாடிக்கு 6, ஆற்காட்டுக்கு 8 என்று பிரியும். நம் விடையில் 5, 9. இரண்டும் சரியான விடைகளே. மதிப்பு ஒன்றுதான், பிரிவு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை; பக்கத்து நாற்காலிக்காரரின் படத்தோடு உங்கள் படம் பொருந்தவில்லை என்று அழித்துவிடாதீர்கள்.

கேள்வியில் ஃபோர்டு–ஃபுல்கர்சன் என்று மட்டும் இருந்தால் பாதையைத் தேர்ந்தெடுப்பது உங்கள் விருப்பம். கொள்ளளவுகள் முழு எண்களாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பாய்வு குறைந்தது ஒன்றாவது உயரும் என்பதால் அது நிச்சயமாக முடிவுக்கு வரும். எட்மண்ட்ஸ்–கார்ப் என்று இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பி.எஃப்.எஸ். கொண்டு, மிகக் குறைந்த விளிம்புகள் உள்ள பாதையையே எடுக்க வேண்டும். அதன் நேர எல்லை `O(VE²)`, கொள்ளளவு எவ்வளவு பெரிதானாலும் அது மாறாது. நாம் மேலே எடுத்த நான்கு பாதைகளும் மூன்று, மூன்று, மூன்று, ஐந்து விளிம்புகள் கொண்டவை. ஐந்து விளிம்புப் பாதையை எடுத்தபோது அதைவிடக் குறுகிய பாதை எதுவும் எஞ்சியிருக்கவில்லை. எனவே நம் வரிசையை எட்மண்ட்ஸ்–கார்ப் விடையாகவும் அப்படியே எழுதலாம்.