‘துவைத்ததும் சுருங்கிவிட்டது’: ஒரு ஸ்டார் ரிவ்யூ வந்தால்

ஆன்லைனில் காட்டன் குர்தி விற்பவர்களுக்கு இந்தப் புகார் கட்டாயம் வரும். “தண்ணீரில் அலசினீர்களா, வெந்நீரிலா?” என்று அங்கேயே வாதாட வேண்டாம். படிக்கப்போவது அடுத்து வாங்க இருப்பவர்கள். இப்படிச் சுருக்கமாக எழுதுங்கள்:

“சிரமத்துக்கு மன்னிக்கவும். துவைத்தால் அளவு மாறும் என்பது எங்கள் விவரத்தில் சொல்லப்படவில்லை. மாற்றித் தருகிறோம், ஆர்டர் பக்கத்தில் செய்தி அனுப்பியுள்ளோம்.”

ஆர்டர் எண், போன் நம்பர் எதையும் பொதுவில் போடாதீர்கள். பணத்தைத் திருப்பித் தருகிறேன், ரிவ்யூவை நீக்குங்கள் என்று பேரம் பேசுவதும் கூடாது. அமேசான் போன்ற தளங்களில் அது விதிமீறல்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. அதே துணியில் ஒரு குர்தியை அளந்து, துவைத்து, நிழலில் உலர்த்தி மறுபடி அளந்து பாருங்கள். முன்சுருக்கம் செய்யாத காட்டன் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்குவது சாதாரணம். 44 அங்குல நீளம் 42½ ஆனால், அந்த இரண்டு அளவையும் சைஸ் சார்ட்டில் போடுங்கள். “துவைத்தபின் மார்பளவு 39” என்ற ஒரு வரி, நூறு வர்ணனையைவிட உதவும். திருத்திய தேதியைக் குறித்துவைத்து, அதற்குப் பிறகான ஆர்டர்களின் ரிட்டர்ன் காரணங்களை மட்டும் பாருங்கள். சுருக்கப் புகார் அப்போதும் வந்தால் கோளாறு துணியில்தான். தைக்கும் முன்பே துணியை நனைத்து உலர்த்திவிடுங்கள்.